ஷேர் டிரைவ் ஆக்சஸுக்குக் காத்திருந்த கதை: டிக்கெட்டில் என்ன எழுத வேண்டும்

ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவுக்கு நான் செய்து தர ஒப்புக்கொண்ட வேலை, சப்ளையர்களுக்குப் போன பணத்தையும் கணக்கு மென்பொருளில் பதிவானதையும் மாதாமாதம் ஒப்பிட்டு, இடிக்கிற இடங்களைக் குறித்துக் கொடுப்பது. ஒரு மாதக் கணக்கை முடித்தால் அந்த மாதத்துக்குப் பணம். எனக்குப் பழகிய வேலைதான், கோப்புகள் கையில் இருந்தால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கோப்புகள் அலுவலகத்தில் பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் ஷேர் டிரைவில் இருந்தன, அவற்றைத் திறக்கும் ஆக்சஸ் கைக்கு வருவதற்கே மாதத்தில் பாதி போய்விட்டது. முதல் மாதப் பணம் தள்ளிப்போனது. "இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும்" என்ற நம்பிக்கையில், நடுவில் வந்த இன்னொரு சின்ன வேலையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புது இடம் என்பதால் யாரிடம் சத்தம் போடுவது என்றும் தெரியவில்லை. தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்து, அதே `Access is denied` செய்தியைப் பார்த்துவிட்டு மூடுவேன். கோபத்தைவிட, ஏதோ நான் தேவையில்லாத ஆள் மாதிரி ஒரு உணர்வுதான் அதிகம் இருந்தது.

நடந்தது இதுதான். ஆக்சஸ் வேண்டுமென்றால் ஐடி பிரிவுக்கு ஒரு கோரிக்கை, அதாவது டிக்கெட், போட வேண்டும். அந்தப் படிவத்தில் 'என்ன வேண்டும்', 'காரணம்' என்று இரண்டு கட்டங்கள். பக்கத்து இருக்கைக்காரர், "காரணத்துல 'வேலைக்குத் தேவை'ன்னு போடுங்க, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார். நிதிப் பிரிவு ஃபோல்டரும் கணக்கு மென்பொருளும் வேண்டும், வேலைக்குத் தேவை என்று போட்டு அனுப்பினேன். சில நாள் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு பார்த்தால் டிக்கெட்டே மூடப்பட்டிருந்தது. 'எந்த ஃபோல்டர், எதற்காக?' என்று ஐடி பிரிவினர் கேட்ட கேள்வி என் மேனேஜருக்குப் போயிருக்கிறது, அவர் விடுப்பில். பதில் வராத டிக்கெட் குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு தானாக மூடிக்கொள்ளும்படி பல இடங்களில் அமைத்து வைத்திருப்பார்கள். யாரும் மறுக்கவில்லை, யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. கேள்வி யாருடைய மெயிலுக்குப் போகிறது என்பதை டிக்கெட் போட்ட அன்றே பார்த்துவிடுங்கள். உங்களுக்கு வரவில்லை என்றால், 'கேள்வி இருந்தால் நேராக என்னைக் கேளுங்கள்' என்று டிக்கெட்டிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது முறை எனக்குக் கிடைத்த யோசனை இன்னும் மோசம். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவரின் பெயரைச் சொல்லி, 'அவருக்கு இருந்த அதே ஆக்சஸ்' என்று கேட்கச் சொன்னார்கள். கேட்பதற்குச் சுலபம், எழுதவும் ஒரே வரி. அது மறுக்கப்பட்டது, காரணமும் நியாயமானதுதான். அந்த மனிதர் அங்கே பல வருடம் இருந்தவர். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாறும்போது புது அனுமதிகள் சேர்ந்துகொண்டே போகும், பழையவற்றை எடுக்கச் சொல்லி யாரும் டிக்கெட் போட மாட்டார்கள். அவருடைய பட்டியலில் சம்பள ஃபோல்டரும் இருந்தது, பேமென்ட்டுக்கு ஒப்புதல் கொடுக்கும் உரிமையும் இருந்தது. நேற்று வந்த ஒப்பந்த ஆளுக்கு அதையெல்லாம் தூக்கிக் கொடுக்க எவர் கையெழுத்துப் போடுவார்? ஆனால் எனக்கு வந்த பதிலில் 'நிராகரிக்கப்பட்டது' என்ற ஒரே சொல்தான் இருந்தது. என்னை நம்பவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

திருப்பம் ஒரு போன் காலில் வந்தது. பொறுமை போய் ஹெல்ப்டெஸ்க்கை அழைத்தபோது, எடுத்தவர் நல்ல மனிதர். "சார், உங்க டிக்கெட்ட நான் பார்த்தேன். அந்த ஃபோல்டர்ல போய் நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு அதுல இல்லையே" என்றார். நிதி ஃபோல்டர்தானே, நிதி வேலைதானே என்றேன். "அதுக்குள்ள நாற்பது ஃபோல்டர் இருக்கு சார். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஓனர். உங்களுக்கு அனுமதி தர வேண்டியது நான் இல்ல, அவங்க. அவங்களுக்கு ஃபோல்டர் பாத் தெரியாது, பெர்மிஷன் பேர் தெரியாது. அவங்க பார்க்கிறது ஒண்ணுதான், இந்த ஆளுக்கு இது எதுக்கு? எனக்கு அப்படியே தலைகீழ். ஃபோல்டர் தெரியும், ஆனா உங்க வேலை எனக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் புரியற மாதிரி எழுதுங்க."

எவ்வளவு எளிய விஷயம் பாருங்கள். ஒரே டிக்கெட்டைப் படிப்பவர்கள் வெவ்வேறு ஆட்கள். இந்த வேலையை உண்மையிலேயே தான்தான் கொடுத்தோமா என்று மேனேஜர் பார்க்கிறார். தன் தகவலுக்குள் இவரை விட்டால் பின்னால் தலைவலி வருமா என்று ஃபோல்டரின் ஓனர் பார்க்கிறார். எந்த இடத்தில் எந்த டிக் போட வேண்டும் என்று ஐடிக்காரர் பார்க்கிறார். ஃபோல்டர் பெயரை மட்டும் எழுதினால் கடைசி ஆளுக்குப் பாதி புரியும், மற்ற இருவருக்கும் ஒன்றும் புரியாது. செய்யப் போகும் வேலையை எழுதினால்தான் மூவருக்கும் தங்களுக்கு வேண்டியது கிடைக்கும்.

எழுதுவதற்கு முன்னால் வேலையை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கோப்பைத் திறக்கும் அனுமதி இருந்த ஒரு சக ஊழியரிடம், போன மாத ஒப்பீட்டை எப்படிச் செய்தார்கள் என்று காட்டச் சொல்லி அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் தெரிந்தது, எல்லோரும் 'எஸ் டிரைவ்' என்று சொல்லிக்கொண்டிருந்தது அவரவர் கணினியில் வைத்திருக்கும் ஒரு எழுத்து மட்டும்தான் என்பது. உங்கள் கணினியில் அதே எழுத்து வேறெங்கோ போகலாம், இல்லாமலும் இருக்கலாம். டிக்கெட்டில் 'எஸ் டிரைவ்' என்று எழுதினால் ஐடிக்காரருக்கு எந்தப் பயனும் இல்லை. விண்டோஸ் கணினி என்றால், ஆக்சஸ் உள்ளவரின் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இதை அடிக்கச் சொல்லுங்கள்:

```
net use
```

எந்த எழுத்து எந்த சர்வரின் எந்த ஷேருக்குப் போகிறது என்று பட்டியல் வரும். எங்கள் விஷயத்தில் `S:` என்பது `\\fs01\Finance` என்று வந்தது. அதன் பின்னால் உள்ளே இருக்கும் ஃபோல்டர் பெயர்களைச் சேர்த்தால் முழுப் பாதை கையில் வந்துவிடும்.

அதைவிட முக்கியமான இன்னொன்றும் அந்த அரைமணியில் தெரிந்தது. அவர் எக்செல் கோப்பைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டையில், இணைப்புகளைப் புதுப்பிக்கவா என்று கேட்டது. அவர் பழக்கத்தில் சரி என்று அழுத்திவிட்டுப் போய்விட்டார். திரும்ப வரச் சொல்லி `Data` பக்கத்தில் இருந்த `Edit Links`-ஐத் திறந்து பார்த்தோம். அந்தக் கோப்பு நாணய மாற்று விகிதத்தை வேறொரு பிரிவின் ஃபோல்டரிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒப்பீட்டு ஃபோல்டர் மட்டும் கிடைத்திருந்தால் கோப்பு திறந்திருக்கும், பழைய விகிதத்தோடு நின்றிருக்கும், நானும் தெரியாமல் அதை வைத்தே கணக்குப் போட்டிருப்பேன். ஃபோல்டரைக் கேட்கிற ஆளுக்கு இது கண்ணில் படவே படாது. வேலையை முதலிலிருந்து கடைசி வரை பார்ப்பவருக்குத்தான் படும்.

அப்புறம் எழுதிய டிக்கெட் கிட்டத்தட்ட இப்படி இருந்தது. எண்களும் பெயர்களும் மாற்றியிருக்கிறேன்:

"சப்ளையர் பேமென்ட்களின் மாதாந்திர ஒப்பீட்டை இந்த மாதத்திலிருந்து நான் செய்கிறேன். வேலையை ஒதுக்கியவர் என் மேனேஜர், அவரையும் இதில் சேர்த்திருக்கிறேன். இதற்காக `\\fs01\Finance\Payables\Recon` ஃபோல்டரில் உள்ள எக்செல் கோப்பைத் திறந்து, திருத்தி, அதே பெயரில் அதே இடத்தில் சேமிக்க வேண்டும். அந்தக் கோப்பு `\\fs01\Finance\Treasury\Rates` ஃபோல்டரிலிருந்து மாற்று விகிதத்தை எடுக்கிறது, அங்கே படிக்க மட்டும் அனுமதி போதும். கணக்கு மென்பொருளில் பேமென்ட் ரிப்போர்ட்டைப் பார்க்கவும் எக்செலாக இறக்கவும் வேண்டும். பதிவு போடவோ திருத்தவோ ஒப்புதல் கொடுக்கவோ தேவையில்லை. சம்பளம் தொடர்பான எதுவும் தேவையில்லை. என் ஒப்பந்தம் முடியும் தேதி வரை போதும். 5-ஆம் தேதிக்குள் கிடைத்தால் இந்த மாத ஒப்பீடு நேரத்துக்கு முடியும். கேள்வி இருந்தால் என்னை நேரடியாக அழைக்கலாம்."

இதில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அதிகம் வேலை செய்தது 'தேவையில்லை' என்று வரும் வரிகள்தான். ஓனர் மேடம் ஒப்புதல் கொடுத்துவிட்டுப் பிறகு என்னிடம் பேசியபோது, சம்பள விவரம் வேண்டாம் என்று நானே எழுதியிருந்ததால் வேறெதையும் விசாரிக்கவில்லை என்றார். கணக்கு மென்பொருளிலும் அப்படித்தான். பணம் போனதைச் சரிபார்க்கும் ஆளுக்கே பணத்தைப் பதிவு செய்யும் உரிமையும் இருந்தால், தணிக்கையில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். தவறைச் செய்பவரும் தவறைத் தேடுபவரும் ஒரே ஆளாகிவிடக் கூடாது என்பது கணக்கு வேலையின் அடிப்படை. 'எல்லா உரிமையும் கொடுத்துவிடுங்கள், பின்னால் தேவைப்படலாம்' என்று கேட்டிருந்தால் அது எங்கேயாவது ஒரு மேஜையில் மாட்டிக்கொண்டிருக்கும்.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 'அவசரம்' என்று எழுதுவதில் பயனில்லை, எல்லா டிக்கெட்டிலும் அந்தச் சொல் இருக்கிறது. எந்தத் தேதிக்குள் கிடைக்காவிட்டால் எது நின்றுபோகும் என்று எழுதுங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ஒருமுறை பொய்த் தேதி சொன்னால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒப்புதல் மறுநாளே வந்துவிட்டது. கொடுத்தாயிற்று என்று மெயிலும் வந்தது. ஆசையோடு ஃபோல்டரைத் திறந்தால் மறுபடி `Access is denied`. அந்த நிமிடம் வந்த எரிச்சலை எழுத்தில் சொல்ல முடியாது. காரணம் சாதாரணமானது. பெரும்பாலான அலுவலகங்களில் ஃபோல்டர் அனுமதியை ஆளுக்கு நேராகக் கொடுப்பதில்லை. ஒரு குழுவுக்குக் கொடுத்து, அந்தக் குழுவில் நம் பெயரைச் சேர்ப்பார்கள். நாம் எந்தெந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதை விண்டோஸ் லாகின் செய்யும் நேரத்தில்தான் எடுத்து வைத்துக்கொள்கிறது. காலையில் லாகின் செய்து, மதியம் குழுவில் சேர்த்தால், மறுபடி லாகின் செய்யும் வரை நம் கணினிக்கு அது தெரியாது. லேப்டாப்பை மூடித் திறந்ததெல்லாம் எனக்கு உதவவில்லை, முழுதாக சைன் அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே வந்ததும் ஃபோல்டர் திறந்தது. குழுவில் சேர்ந்தாயிற்றா என்று பார்க்க இது உதவும்:

```
whoami /groups
```

பட்டியல் நீளமாக வரும். ஐடிக்காரர் சொன்ன குழுவின் பெயர் அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சைன் அவுட் செய்து வந்த பிறகும் இல்லை என்றால், அதைச் சொல்லி டிக்கெட்டில் எழுதலாம். 'இன்னும் வேலை செய்யவில்லை' என்று வெறுமனே எழுதுவதைவிட அது அவர்களுக்குப் பல மடங்கு உதவும்.

சரி, ஃபோல்டர் திறந்தது, கோப்பும் திறந்தது, திருத்தவும் முடிந்தது. சேமிக்கும்போது பிழை. கூடவே ஃபோல்டரில் எழுத்தும் எண்ணுமாகப் பெயர் புரியாத ஒன்றிரண்டு கோப்புகள் முளைத்திருந்தன. எனக்குக் கொடுத்திருந்தது `Read`, `Write` இரண்டும். எழுதும் அனுமதி இருந்தும் ஏன் சேமிக்கவில்லை என்று குழம்பிப்போனேன். எக்செல் சேமிக்கும் விதம்தான் காரணம். அது பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, பழையதை நீக்கிவிட்டு, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. `Write` அனுமதியில் நீக்கும் உரிமை கிடையாது, அது `Modify`-இல்தான் வரும். அந்தப் பெயர் புரியாத கோப்புகள் பாதியில் நின்றுபோன சேமிப்பின் மிச்சம்.

இங்கேதான் வேலையை எழுதியது மறுபடி கைகொடுத்தது. 'அதே பெயரில் அதே இடத்தில் சேமிக்க வேண்டும்' என்று டிக்கெட்டில் ஏற்கெனவே இருந்தது, ஓனரும் அதற்குத்தான் ஒப்புதல் கொடுத்திருந்தார். ஐடிக்காரர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, புது ஒப்புதல் எதுவும் கேட்காமல் `Modify` ஆக மாற்றிவிட்டார். நானே பெரிய ஆள் மாதிரி 'ரைட் பெர்மிஷன் வேண்டும்' என்று எழுதியிருந்தால், கேட்டது கொடுத்தாயிற்று என்று டிக்கெட்டை மூடியிருப்பார்கள், மாற்றத்துக்குப் புதிதாக இன்னொரு சுற்று போயிருக்க வேண்டும். பெர்மிஷனின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாவிட்டால் சொல்லவே வேண்டாம். கோப்பை என்ன செய்யப் போகிறோம் என்று சொன்னால் போதும், பெயரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மென்பொருள் பக்கம் வேறு விதமான தலைவலி. மென்பொருளை என் கணினியில் நிறுவிவிட்டு 'ஆக்சஸ் கொடுத்தாயிற்று' என்றார்கள். உண்மையில் அங்கே தனித்தனியாக மூன்று படிகள் இருக்கின்றன. கணினியில் நிறுவுவது ஒன்று, நம் பெயரில் லைசென்ஸ் ஒதுக்குவது இன்னொன்று, உள்ளே என்ன செய்யலாம் என்ற ரோல் மூன்றாவது. பல இடங்களில் இவற்றைச் செய்பவர்களும் வேறு வேறு ஆட்கள். லாகின் பக்கத்திலேயே நிறுத்தினால் பெரும்பாலும் லைசென்ஸ் பிரச்சினை. உள்ளே போய்விட்டு மெனுவில் ரிப்போர்ட்டைக் காணோம் என்றால் ரோல் பிரச்சினை. ரிப்போர்ட் தெரிந்தும் எக்செலாக இறக்கும் பட்டன் மங்கலாக இருந்தால், பார்ப்பதற்கும் இறக்குவதற்கும் அந்த மென்பொருளில் தனித்தனி உரிமை இருக்கிறது என்று அர்த்தம்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அது கொஞ்சம் ஆபத்தானது. எனக்கு ரிப்போர்ட் திறந்தது, இறங்கவும் செய்தது. ஆனால் வரிகள் குறைவாக இருந்தன. பிழைச் செய்தி எதுவும் இல்லை. என் ரோலில் சில கிளைகளின் தகவலைப் பார்க்கும் உரிமை சேர்க்கப்படவில்லை, அதனால் மென்பொருள் அந்த வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டிருக்கிறது. அதை வைத்து ஒப்பிட்டிருந்தால் பாதி பேமென்ட்கள் 'பதிவாகவில்லை' என்று நான் அறிக்கை கொடுத்திருப்பேன். கண்டுபிடித்தது எப்படி என்றால், ஏற்கெனவே முடிந்துபோன போன மாதத்து ரிப்போர்ட்டை நானும் எடுத்து, பழைய கோப்பில் இருந்த மொத்தத் தொகையோடு ஒத்துப்பார்த்தேன். ஒத்துவரவில்லை. புதிதாக ரிப்போர்ட் ஆக்சஸ் வாங்கும் எவரும் முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். கேட்கும்போதே 'எல்லாக் கிளைகளின் பேமென்ட்டும் தெரிய வேண்டும்' என்று வேலையின் எல்லையையும் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. நான் அதை எழுதாததால் இன்னொரு நாள் போனது.

இணையத்தில் பகிரப்படும் ஃபோல்டர்களிலும் கதை இதேதான், கொஞ்சம் சுருக்கமாக. கூகுள் டிரைவ் இணைப்பைத் திறந்து `Request access` பட்டன் வந்தால், அழுத்துவதற்கு முன் எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். சொந்த மெயிலில் இருந்துகொண்டு அலுவலக ஃபோல்டரைக் கேட்டால், ஓனருக்கு யாரோ வெளியாள் கேட்பதாகத்தான் தெரியும். பட்டனோடு வரும் செய்திப் பெட்டியைப் பலரும் காலியாக விட்டுவிடுகிறார்கள். படித்துக் கருத்து மட்டும் எழுத வேண்டுமா, திருத்த வேண்டுமா, எந்த வேலைக்காக, எப்போதுவரை என்று இரண்டு வரி அங்கே எழுதினால் ஓனர் `Commenter`, `Editor` இரண்டில் சரியானதைத் தானே தேர்ந்தெடுத்துவிடுவார்.

ஒப்பந்த முடிவுத் தேதியை நானே எழுதியதால், அந்தத் தேதியில் அனுமதி தானாக நின்றுவிடும்படி வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் நீட்டிக்கப்படுவது தெரிந்ததும், அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே பழைய டிக்கெட் எண்ணைக் குறிப்பிட்டு, 'வேலை அதேதான், தேதி மட்டும் மாறுகிறது' என்று எழுதினேன். விகிதங்களை இப்போது வேறு வழியில் எடுப்பதால் `Rates` ஃபோல்டர் இனி வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றும் சேர்த்தேன். அன்று சாயங்காலமே இரண்டும் முடிந்துவிட்டது, யாரும் போன்கூட செய்யவில்லை.